மஞ்சளைக் கொட்டிவிட்டு வெள்ளையைக் குடிக்கிறவர்கள்

பாளையங்கோட்டையில் நான் காலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு ஜிம் இருக்கிறது. மாடியில் ஜிம், கீழே பலசரக்குக் கடை. ஆறரை மணி வாக்கில் வியர்வை சொட்டச் சொட்ட இறங்கி வரும் பையன்கள் கடை அண்ணாச்சியிடம் முட்டை வாங்கி, அங்கேயே எவர்சில்வர் டம்ளரில் உடைத்து ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போவார்கள். சிலர் மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக்கொள்வார்கள். அண்ணாச்சி இதற்கென்றே இரண்டு டம்ளர் தனியாக வைத்திருக்கிறார்.

என் அக்கா மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவன் இன்னும் கொஞ்சம் விவரம். ஆறு முட்டையை உடைத்து, மஞ்சக்கருவை ஓட்டால் தள்ளித் தள்ளித் தனியாக எடுத்துத் தெரு நாய்க்கு வைத்துவிட்டு, வெள்ளையை மட்டும் குடிப்பான். ஏன்டா என்று கேட்டால், "மஞ்சக்கருல கொழுப்புல்லா இருக்கு மாமா. வெள்ளைதான் சுத்தப் புரோட்டீன்" என்பான். நாய் நாளுக்கு நாள் பளபளவென்று ஆகிக்கொண்டிருந்தது. இவனுக்கு நான்கைந்து மாதத்தில் முடி கொட்டுகிறது என்று ஒரு புகார் வந்தது. அதற்கு முட்டைதான் காரணமா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அவன் செய்துகொண்டிருந்தது, உணவு வேதியியல் படித்தவர்கள் எலியை நோயாளியாக்க 1920-களில் செய்த அதே வேலை.

பச்சை முட்டை குடிக்கும் பழக்கம் ஜிம்மோடு வந்ததல்ல. நம் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து குடிக்கக் கொடுப்பது எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது. கூடவே உளுந்தங்களி. சிலம்பம் பழகுகிறவர்களுக்கும் பச்சை முட்டை உண்டு. தொண்டை கட்டினால் பாடகருக்கும் உண்டு. ஆக, பச்சை முட்டை என்றால் பலம் என்ற எண்ணம் பாட்டி காலத்திலிருந்தே வீட்டில் இருக்கிறது. அதன்மேல் 1976-ல் வந்த ராக்கி படம் ஒரு முத்திரை குத்தியது. அந்தக் குத்துச்சண்டைக்காரன் விடிவதற்கு முன் எழுந்து ஐந்து முட்டையைக் கண்ணாடி டம்ளரில் உடைத்து அப்படியே குடிப்பான். படத்தைப் பார்க்காதவனுக்கும் அந்தக் காட்சி எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம் காசு. புரோட்டீன் பவுடர் டப்பா இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகிறது. முட்டை ஒன்றுக்கு ஏழெட்டு ரூபாய்க்குள் ஆறு கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. வண்ணாரப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனிடம் அடுப்பு இருக்காது, வேகவைக்க நேரமும் இருக்காது. இதையெல்லாம் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான்: "வேகவைத்தால் சத்து போய்விடும்" என்ற நம்பிக்கை. கீரையில், எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி சூட்டில் குறையும் என்பது உண்மை. அதை அப்படியே தூக்கி முட்டையின் புரதத்துக்கும் பொருத்திவிட்டார்கள். முட்டை விஷயத்தில் நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு.

பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1998-ல் இதை அளந்து பார்த்தார்கள். அறுவை சிகிச்சையால் சிறுகுடலின் கடைசிப் பகுதி வயிற்றின் வெளிப்பக்கம் திறக்கப்பட்ட ஐந்து பேருக்கு முட்டைப் புரதத்தைக் கொடுத்து, சிறுகுடல் முடிவில் எவ்வளவு செரிக்காமல் வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். வேகவைத்த முட்டையில் 91 சதவீதம் செரித்திருந்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம். சூட்டில் புரதம் சுருள் பிரிந்து விரிவதால் நம் செரிமானச் சாறு அதை எளிதாக வெட்டுகிறது. பச்சையில் அது கெட்டியான நூல் பந்து மாதிரி இருக்கிறது.

இந்த 51-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஐந்து பேர் மட்டும், அதுவும் குடல் அறுவை செய்தவர்கள். 2022-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில், பளு தூக்கிப் பழகிய 45 இளைஞர்களை வைத்து வேறு மாதிரி பார்த்தார்கள். உடற்பயிற்சி முடிந்ததும் ஒரு குழுவுக்கு ஐந்து பச்சை முட்டை, ஒரு குழுவுக்கு ஐந்து வேகவைத்த முட்டை, மூன்றாவது குழுவுக்கு முட்டையே இல்லாத ஒரு காலை உணவு. வேகவைத்ததைத் தின்றவர்கள் ரத்தத்தில் அமினோ அமிலங்கள் கூடுதலாக ஏறின. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் தசை புதிய புரதம் கட்டும் வேகத்தில் இரண்டு முட்டைக் குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பச்சை முட்டை வீண் என்று சொல்லிவிட முடியாது. பச்சையாகக் குடிப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எதுவும் கிடைக்காத ஒன்றுக்காக என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இனி.

முட்டையை ஒரு வீடாக நினைத்துப் பாருங்கள். மஞ்சக்கரு குஞ்சுக்கான சமையலறை. வெள்ளைக்கரு காவல். ஓட்டின் நுண்துளை வழியாக ஏதாவது பாக்டீரியா உள்ளே புகுந்தால் அது மஞ்சளை எட்டும் முன் பட்டினி போட்டுக் கொல்வது வெள்ளையின் வேலை. அதற்கு அதனிடம் பல ஆயுதங்கள் இருக்கின்றன. ஒரு புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்று பாக்டீரியாவின் சுவரை உடைக்கும். அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயோட்டின் பி குடும்பத்து வைட்டமின். பழைய பெயர் வைட்டமின் ஹெச். பாக்டீரியா பலவற்றுக்கும் அது இல்லாமல் வளர முடியாது. குஞ்சுக்கும் அது வேண்டும். அதனால் கோழி குஞ்சுக்கு வேண்டிய பயோட்டினைப் பத்திரமாக மஞ்சளுக்குள் வைத்துவிட்டு, வெள்ளையில் கள்ளனைப் பிடிக்க ஆளை நிறுத்தியிருக்கிறது.

அந்த ஆள் சாதாரண ஆள் இல்லை. ஒரு அவிடின் மூலக்கூறு நான்கு துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் பயோட்டின் போய் உட்காரச் சரியான ஒரு குழி. ஆக ஒரு அவிடின் நான்கு பயோட்டினைப் பிடிக்கும். பிடித்தால் விடுவதே இல்லை. இயற்கையில் ஒரு புரதமும் ஒரு சிறு மூலக்கூறும் வேதிப் பிணைப்பு எதுவும் போடாமல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும் பிடிப்புகளில் இவ்வளவு இறுக்கமானவை மிக அரிது. வயிற்று அமிலமும் குடல் நொதிகளும் மற்ற புரதங்களை வெட்டிப் போடுகின்றன. பயோட்டினைப் பிடித்த அவிடினை அவற்றால் எளிதில் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அவிடின் பெரிய மூலக்கூறு, அதனால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. குடலில் பயோட்டினை உள்ளே ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதத்துக்கு, அவிடின் கையில் மாட்டிய பயோட்டின் கிடைக்காது. இரண்டும் சேர்ந்து மறுநாள் காலையில் மலத்தோடு வெளியே போய்விடும். இதில் ஒரு ஆறுதல் உண்டு: ஏற்கனவே உடம்பில் சேர்ந்திருக்கும் பயோட்டினை அவிடின் உறிஞ்சி எடுப்பதில்லை. வரும் வழியில் மட்டும்தான் மறிக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை பச்சை வெள்ளைக்கருவில்தான் தொடங்கியது. 1927-ல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்ற ஆராய்ச்சியாளர், வெள்ளைக்கருவை மட்டுமே புரதமாகக் கொடுத்து எலி வளர்த்தார். எலிகளுக்கு முடி கொட்டியது, தோல் உரிந்தது, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது மாதிரி வளையமாக மயிர் போனது. வெள்ளையை வேகவைத்துக் கொடுத்தால் இது வரவில்லை. பச்சையாகக் கொடுத்தாலும், ஈரல் போன்ற சில உணவைச் சேர்த்தால் வரவில்லை. வெள்ளையில் ஏதோ விஷம் இருக்கிறது, ஈரலில் ஏதோ மருந்து இருக்கிறது என்ற அளவில் அது நின்றது. 1936-ல் ஜெர்மன் வேதியியலாளர் கோக்ல், டோனிஸ் என்பவரோடு சேர்ந்து அந்த மருந்தைத் தனியாகப் பிரித்தார். பிரித்தது எதிலிருந்து? மஞ்சக்கருவிலிருந்து. 250 கிலோ காய்ந்த மஞ்சக்கருவைக் கரைத்துக் காய்ச்சி, கடைசியில் கிடைத்தது ஒரு மில்லிகிராம் சொச்சம். 1940-ஐ ஒட்டி டெக்சாஸில் எஸ்மண்ட் ஸ்நெல்லும் கூட்டாளிகளும் வெள்ளைக்குள் இருக்கும் பிடிப்புப் புரதத்தைப் பிரித்து அவிடின் என்று பெயர் வைத்தார்கள். விஷம் என்று நினைத்தது வெறும் பசி. நோயும் மருந்தும் ஒரே ஓட்டுக்குள், நடுவில் மெல்லிய ஒரு சவ்வு.

இப்போது என் மருமகனின் டம்ளருக்கு வருவோம். கணக்கு எளிதானதுதான். ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராமுக்குச் சற்று மேல் புரதம். அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அவிடின் என்று வைத்தால் சுமார் 1.8 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் அவிடின் ஏறக்குறைய 14 மைக்ரோகிராம் பயோட்டினைப் பிடிக்க வல்லது. ஆக ஒரு வெள்ளை 25 மைக்ரோகிராமைக் கட்டிப்போடும். மஞ்சளில் இருப்பது சுமார் 10. முழு முட்டையைப் பச்சையாகக் குடித்தாலும் மஞ்சள் கொடுப்பதைப் பிடித்துக்கொண்டு மேலே இன்னும் 15 மைக்ரோகிராமுக்கு அவிடினின் கை காலியாக இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் வாக்கில். ஒரு முட்டை என்றால் அந்த 15 பெரிய விஷயமில்லை. கடலை, பருப்பு, மீன், ஈரல் என்று வேறு வழியில் வந்துவிடும். பெரியவளான பிள்ளைக்குச் சில நாட்கள் ஒரு முட்டை கொடுப்பதை இந்தக் கணக்கை வைத்து யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஆறு வெள்ளை என்றால் கதை வேறு. 150 மைக்ரோகிராமுக்குக் கட்டிப்போடும் கை இருக்கிறது. மஞ்சளை நாய்க்குக் கொடுத்துவிட்டதால் 60 மைக்ரோகிராம் வரவு வராமலே போயிற்று. அவன் மற்ற சாப்பாட்டில் தினம் 35, 40 சாப்பிடுகிறான் என்று வைத்தாலும் அதைப்போல நான்கு மடங்கைப் பிடிக்கக் குடலில் ஆள் நிற்கிறது. புரதத்துக்காகச் சேர்த்ததில் கெடுதலான பாதியை வைத்துக்கொண்டு, அதற்கு மாற்றான பாதியைத் தெருவில் கொட்டுகிறான். பச்சையாகவே குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறவனாவது மஞ்சளோடு குடிக்க வேண்டும். மஞ்சள் இல்லாத பச்சை வெள்ளை, போவாஸின் எலிகளுக்குக் கிடைத்த உணவு.

காகிதக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். காலை ஆறரைக்குக் குடித்த அவிடின், மதியச் சாப்பாட்டில் வரும் பயோட்டினுக்காகக் குடலில் காத்துக்கொண்டு நிற்காது. திரவமாகப் போவது சீக்கிரமே வயிற்றைவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் குடலில் இருப்பதைத்தான் அது பிடிக்கும். போதாதற்கு நம் உடம்பு பயோட்டினை மறுபடி மறுபடி பயன்படுத்தும் சிக்கனக்காரன். வேலை முடிந்த பயோட்டினைப் புரதத்திலிருந்து கழற்றி எடுத்துத் திரும்ப வேலைக்கு அனுப்ப ஒரு நொதியே இருக்கிறது. இதனால்தான் பச்சை முட்டை குடிக்கும் ஆயிரம் பேரில் பெரும்பாலானோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறார்கள். "நான் மூணு வருஷமா குடிக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். அவர் எத்தனை குடிக்கிறார், வேறு என்ன சாப்பிடுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடித்து நோயாளியான ஒருவரின் கதை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 1968-ல் வெளியான அந்தக் குறிப்பில் வருகிறவர் 62 வயது அமெரிக்கப் பெண்மணி. ஜிம்முக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவருக்குக் கல்லீரல் சுருக்க நோய். புரதம் சேர வேண்டும் என்று தினமும் ஆறு பச்சை முட்டையும் இரண்டு லிட்டர் வாக்கில் கொழுப்பு நீக்கிய பாலும் குடித்து வந்தார், பதினெட்டு மாதம். மருத்துவர் சொல்லித்தான் குடித்தார். மஞ்சளோடுதான் குடித்தார் என்பதையும் கவனியுங்கள். பசி போயிற்று, குமட்டல், நாக்கு புண், முகம் வெளிறிப்போனது, மனச்சோர்வு, உடம்பெல்லாம் செதில் செதிலாக உரியும் தோல், உதடு உரிதல். பயோட்டின் 200 மைக்ரோகிராம் ஊசி தினம் போட, சில நாட்களில் எல்லாம் மறையத் தொடங்கியது. நோயின் பாதையும் குணமான வேகமும் சேர்ந்து பார்த்தால் பயோட்டின் குறைவைத்தான் காட்டுகின்றன. கல்லீரல் கெட்டவர் என்பதால் அவருக்கு மற்றவரைவிடச் சீக்கிரம் வந்திருக்கலாம்.

ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டுமென்றே வரவழைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1942-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சைடன்ஸ்ட்ரிக்கர் நான்கு பேருக்குச் சாப்பாட்டின் கலோரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வெள்ளைக்கருவாகவே கொடுத்தார். மூன்று நான்கு வாரத்தில் தோல் செதிலாக உரியத் தொடங்கியது. அதற்கப்புறம் சாம்பல் நிறத்துக்கு வெளிறல், தசை வலி, சோர்வு, பசியின்மை. பயோட்டின் கொடுத்ததும் மூன்று முதல் ஐந்து நாளில் தெளிந்தார்கள். தசையை வளர்க்க நினைத்துக் குடிப்பவனுக்கு வரக்கூடியவற்றில் தசை வலியும் அசதியும் உண்டு என்பதை ஜிம்மில் யாரும் சொல்வதில்லை. வந்தாலும் "நேத்து லெக்ஸ் கொஞ்சம் அதிகமாப் போயிட்டு" என்று விட்டுவிடுவான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஜிம் பாஷையிலேயே விடை இருக்கிறது. ஜிம்மில் லூசின் என்றால் மரியாதை. கிளையுள்ள அமினோ அமிலங்களில் தசை கட்டச் சொல்லி உத்தரவு போடுகிற ஆள் அது. டப்பாவின் மேலேயே எத்தனை கிராம் லூசின் என்று எழுதி விற்கிறார்கள். நம் உடம்பில் பயோட்டினைத் துணையாக வைத்துக்கொண்டு வேலை செய்யும் நொதிகள் ஐந்துதான். கொழுப்பைக் கட்டுவதில் இரண்டு, சர்க்கரையை உண்டாக்கும் பாதையில் ஒன்று, சில அமினோ அமிலங்களை உடைப்பதில் ஒன்று. ஐந்தாவது, லூசினை உடைக்கும் பாதையில் நிற்கிறது. பயோட்டின் குறைந்தால் அந்தப் பாதையில் பாதி உடைந்த சரக்கு தேங்குகிறது. தேங்கியதை உடம்பு வேறு பொருளாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. அதற்கு 3-ஹைட்ராக்ஸி ஐசோவேலரிக் அமிலம் என்று பெயர். 1997-ல் டொனால்ட் மாக் குழுவினர் ஆரோக்கியமான 10 பேருக்கு 20 நாள் வெள்ளைக்கரு கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு வாரத்துக்குள் இந்த அமிலம் சிறுநீரில் வழக்கத்தைத் தாண்டி ஏறிவிட்டது. தோலில், முடியில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே. ரத்தத்தில் பயோட்டின் அளவு பார்ப்பது இந்த ஆரம்பக் குறைவைச் சரியாகக் காட்டுவதில்லை. சிறுநீர் காட்டுகிறது. இந்தப் பரிசோதனை சாதாரணமாக நம்மூர் லேபில் கேட்டால் கிடைக்கும் ஒன்றல்ல. வளர்சிதைக் கோளாறு இருக்குமோ என்று குழந்தைகளுக்குப் பார்க்கும் சிறுநீர் அமிலப் பரிசோதனையில் அது வருகிறது.

முடி விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் தலையைக் குனிந்து காட்டினான். நெற்றியின் இரு ஓரத்திலும் முடி பின்வாங்கியிருந்தது, உச்சியில் சற்றுத் தெரிந்தது. அக்காவின் மாமனாருக்கும் இப்படித்தான். இது பரம்பரை வழுக்கை. இதற்குப் பாவப்பட்ட முட்டையை ஏசக் கூடாது. பயோட்டின் குறைவால் கொட்டினால் ஓரமாகக் கோடு போட்டுக்கொண்டு கொட்டாது, தலை முழுக்கச் சன்னமாகும். புருவமும் இமையும்கூட மெலியலாம். முடி மட்டும் தனியாகப் போகாது. கண், மூக்கு, வாய் ஓரங்களில் சிவந்து செதில் தட்டும். கை கால் நுனியில் கூச்சம் இருக்கலாம், மனசு கனமாக இருக்கலாம். இவை சேர்ந்து வந்தால், பச்சை முட்டை எத்தனை மாதமாக, எத்தனை என்பதைத் தோல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். உணவுப் பழக்கத்தைக் கேட்கும் நேரம் அவருக்கு எப்போதும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. வயிற்றைக் கட்டி, மாதத்தில் ஏழெட்டு கிலோ குறைப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வழக்கம். ஜிம் பையன்களில் நான் பார்த்த பல பேரின் கதை அதுதான்.

இவன் அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் பயோட்டின் மாத்திரை வாங்கிவிட்டான். 10 மில்லிகிராம். மைக்ரோகிராமில் பத்தாயிரம், ஒரு நாள் தேவையைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். அவிடின் 150-ஐப் பிடித்துக்கொண்டாலும் மீதி வழிந்து உள்ளே போய்விடும், ஆகவே கணக்குப்படி வேலை செய்யும். பரம்பரை வழுக்கைக்கு அது ஒன்றும் செய்யாது. வேறொரு வம்பு உண்டு. தைராய்டு, மாரடைப்புக் குறிப்பான ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகள் பலவற்றில், பயோட்டினையும் அவிடினின் பாக்டீரியா உறவினரான ஸ்ட்ரெப்டாவிடினையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துத்தான் அளக்கிறார்கள். அந்த விடாப்பிடியைச் சோதனைக் குழாயில் பசையாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் மாத்திரைப் பயோட்டின் நிரம்பிக் கிடந்தால் பசை போடும் இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடும், முடிவு தப்பாக வரும். தைராய்டில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் வந்து, நல்ல ஆளுக்கு நோய் இருப்பதுபோலக் காட்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இது குறித்து எச்சரிக்கை விட்டது. முடி கொட்டுகிறது என்று போனால் முதலில் எழுதிக் கொடுப்பதே தைராய்டு பரிசோதனைதான். மாத்திரை விழுங்குகிறவர் ரத்தம் கொடுக்கும் முன் அதை லேபில் சொல்ல வேண்டும்.

சால்மோனெல்லா என்ற கிருமியைப் பற்றி ஒரு வரி. ஓட்டில் கோழி எச்சம் ஒட்டிய, கீறல் விட்ட முட்டையைப் பச்சையாகக் குடித்தால் பயோட்டினுக்குக் காத்திருக்க வேண்டாம், மறுநாளே வயிற்றுப்போக்கு வரலாம். அது வேறு கட்டுரை.

அவிடின் சூட்டுக்கு எவ்வளவு தாங்கும்? தனியாக இருக்கும் அவிடின் 85 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் குலைகிறது. வெள்ளைக்கரு 62, 63 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். அதாவது வெள்ளையாகிவிட்டது, உறைந்துவிட்டது என்பது அவிடின் செத்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. உறைந்த வெள்ளையிலும் உயிரோடு அவிடின் மிச்சம் இருக்கலாம். பாக்கெட்டில் விற்கும் திரவ வெள்ளைக்கருவை ஐம்பது சொச்சம் டிகிரியில்தான் கிருமி நீக்கம் செய்கிறார்கள். கிருமிக்கு அது போதும், அவிடினுக்குப் போதாது. "பாஸ்சுரைஸ்டு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே குடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் நடுவரை சூடு ஏறிவிடும். அடுப்பில்லாத அறைக்கு முட்டை வேகவைக்கும் சின்ன மின் பாத்திரம் கிடைக்கிறது. ராத்திரியே ஆறை வேகவைத்து வைத்துக்கொண்டால் காலையில் உரித்து வாயில் போட வேண்டியதுதான்.

மருமகன் அதை வாங்கிவிட்டான். கடை அண்ணாச்சிக்கு வருத்தம். அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டையில் புரோட்டா கடைக்குப் போனபோது அவன் கேட்டான்: "அப்போ ஆப்பாயில், மாமா? அதுவும் பச்சைதானே?" கல்லில் ஊற்றிய ஆப்பாயிலில் ஓடுவது மஞ்சள். மஞ்சளில் அவிடின் கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. வெள்ளை கல்லின் சூட்டில் உறைந்துவிடும், அதில் அவிடின் நிறையக் குறையும், முழுசாகப் போகாது. மேல்பக்கம் வழவழப்பாக நிற்கும் இடத்தில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு மஞ்சளில் இருக்கும் பத்து மைக்ரோகிராம் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ என்றால் தின்னலாம். கலக்கியும் அப்படித்தான். அவன் இரண்டு ஆப்பாயில் சொன்னான், மிளகு தூக்கலாக.